செலவுச் சுருக்க அட்டவணை பட்டியலோடு பொருந்தவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

தேக்காவுக்கு அருகே என் அக்கா ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். அதன் செலவுப் பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வகைவாரியாகச் சுருக்கித் தருவது என் பொறுப்பு. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான பட்டியலில் மட்டும் 1,214 பதிவுகள் இருந்தன. அவற்றில் சில கையால் தட்டச்சு செய்யப்பட்டவை. மற்றவை வங்கியிலிருந்து இறக்கிய சிஎஸ்வி கோப்பிலிருந்து ஒட்டப்பட்டவை. ஒவ்வொரு காலாண்டிலும் ஏதாவது ஒரு தொகை ஒத்துப்போகாமல் நிற்கும். காரணத்தைத் தேடித் தேடி, இப்போது அறிகுறியைப் பார்த்தவுடன் எங்கே கை வைக்க வேண்டும் என்பது ஓரளவு பழகிவிட்டது. அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். எக்செலை வைத்து எழுதினாலும், சூத்திரங்கள் கூகல் ஷீட்ஸிலும் அப்படியே இயங்கும். பட்டிப் பெயர்கள் மட்டும் மாறும்.

## முதலில் தாளின் அமைப்பு

பட்டியல் இருக்கும் தாளின் பெயர் List. அதில் A பத்தியில் தேதி, B பத்தியில் யாருக்குக் கொடுத்தது, C பத்தியில் வகை, D பத்தியில் தொகை. முதல் வரிசை தலைப்பு. சுருக்கம் இருக்கும் தாளின் பெயர் Summary. அதில் A2 முதல் A10 வரை ஒன்பது வகைப் பெயர்கள் உள்ளன. பக்கத்தில் B பத்தியில் எண்ணிக்கையும் C பத்தியில் தொகையும் வருகின்றன.

```
=COUNTIFS(List!$C:$C,$A2)
=SUMIFS(List!$D:$D,List!$C:$C,$A2)
```

பலர் தொகையை மட்டும் போட்டுவிட்டு எண்ணிக்கையை விட்டுவிடுகிறார்கள். பிழை வரும் நாளில் உதவுவது அந்த எண்ணிக்கைதான். தொகை மட்டும் தவறா, இரண்டும் தவறா என்பதை வைத்தே கீழே உள்ள கிளைகள் பிரிகின்றன. ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினோராம் வரிசையில் சுருக்கத்தின் கூட்டல் வரட்டும். பன்னிரண்டாம் வரிசையின் B12, C12 கட்டங்களில் பட்டியலையே நேராக எண்ணியும் கூட்டியும் போடுங்கள். பதின்மூன்றாவதில் வித்தியாசம். B14 கட்டத்தில் இன்னொன்று: எண்ணாக இல்லாமல் எழுத்தாகக் கிடக்கும் தொகைகள் எத்தனை என்பது. கீழே உள்ள நான்கும் முறையே B12, C12, C13, B14 கட்டங்களுக்கானவை. B13 கட்டத்தில் B12-இலிருந்து B11-ஐக் கழித்தால் போதும்.

```
=COUNTA(List!$D:$D)-1
=SUM(List!$D:$D)
=ROUND(C12-C11,2)
=COUNTA(List!$D:$D)-1-COUNT(List!$D:$D)
```

ஒன்றைக் கழிப்பது தலைப்பு வரிசைக்காக. ROUND இல்லாவிட்டால், காசுகளைக் கூட்டும்போது உள்ளே தங்கும் மிக நுண்ணிய பின்னம் காரணமாக, எல்லாம் சரியாக இருந்தும் வித்தியாசம் சுழியாகாமல் போகக்கூடும்.

## அறிகுறி 1: எண்ணிக்கை சரி, தொகை மட்டும் குறைகிறது

இதுதான் அடிக்கடி வருவது, ஏமாற்றுவதும் இதுதான். சென்ற ஆண்டு ஜூலையில் அக்கா ரசீதுக் கட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, “தம்பி, வாடகை வண்டி ரசீது எண்பத்தாறு, உன் தாள்லயும் எண்பத்தாறு. அப்புறம் காசு மட்டும் எங்க போச்சு?” என்று கேட்டார். சுருக்கத்தில் அந்த வகைக்கு 1,012.40 வெள்ளி, ரசீதுகளைக் கூட்டினால் 1,391.90 வெள்ளி. குறைவு 379.50 வெள்ளி. ஆனால் C13 கட்டத்தில் வித்தியாசம் சுழி என்றே காட்டியது.

சுழி காட்டியதற்குக் காரணம் உண்டு. SUMIFS எழுத்தாக இருக்கும் தொகையைக் கூட்டாமல் தாண்டிச் சென்றுவிடும்; SUM-உம் அதையே செய்யும். இரண்டும் ஒரே தவற்றைச் செய்வதால் இரண்டும் ஒத்துப்போகின்றன. COUNTIFS பார்ப்பது வகைப் பத்தியை மட்டுமே என்பதால் எண்ணிக்கை குறைவதில்லை. இதை B14 ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். அன்று அதில் இருந்த எண் 23.

அந்த 23 எந்த வகையில் இருக்கின்றன என்று பார்க்க, Summary தாளில் D2 கட்டத்தில் இதைப் போட்டு D10 வரை கீழே இழுத்தேன்:

```
=SUMPRODUCT((List!$C$2:$C$1215=$A2)*ISTEXT(List!$D$2:$D$1215))
```

இருபத்து மூன்றும் வாடகை வண்டி வகையிலேயே இருந்தன. ஒரே வண்டிக்காரர், நடைக்கு 16.50 வெள்ளி என்ற நிலையான கட்டணம். இருபத்து மூன்று நடைக்கு 379.50 வெள்ளி. கணக்கு காசு பிசகாமல் பொருந்தியது. SUMPRODUCT-க்கு மட்டும் முழுப் பத்தியைக் கொடுக்காமல் எல்லையைக் குறித்துக் கொடுங்கள்; இல்லாவிட்டால் தாள் மிகவும் மெதுவாகிவிடும்.

### காரணம் எதுவாக இருக்கலாம், எப்படிச் சரிசெய்வது

முதலில் எளிதானது. அந்தக் கட்டத்தின் மூலையில் சிறிய பச்சை முக்கோணம் தெரிந்தால், கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, வரும் எச்சரிக்கைக் குறியைத் தட்டி Convert to Number என்பதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. இங்கே பலர் செய்யும் தவறு, கட்டத்தின் வடிவத்தை Number என்று மாற்றிவிட்டு வேலை முடிந்ததாக நினைப்பது. வடிவத்தை மாற்றுவதால் ஏற்கெனவே எழுத்தாக உள்ள தொகை எண்ணாகிவிடாது; மறுபடி தட்டச்சு செய்தால்தான் ஆகும்.

முக்கோணம் இல்லாவிட்டால் தொகைக்குள் வேறு ஏதோ ஒளிந்திருக்கிறது. அது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: முன்னால் ஒட்டிக்கொண்ட S$ குறி, அல்லது இணையப் பக்கத்திலிருந்து நகலெடுக்கும்போது கூடவே வரும், உடையாத இடைவெளி எனப்படும் எழுத்து. சாதாரண இடைவெளியைப் போலவே தோன்றும் இந்த எழுத்தை TRIM அகற்றாது. List தாளில் காலியாக உள்ள ஒரு பத்தியில் இந்தச் சூத்திரத்தைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=VALUE(SUBSTITUTE(SUBSTITUTE(D2,UNICHAR(160),""),"S$",""))
```

பிறகு வந்த எண்களை மதிப்பாக மட்டும் D பத்தியில் ஒட்டுங்கள். ஆயிரத்தைப் பிரிக்கும் காற்புள்ளியை VALUE தானாகவே புரிந்துகொள்ளும். இதற்குப் பிறகும் #VALUE! என்று நிற்கும் கட்டங்கள் சிலவே இருக்கும். அவற்றை ரசீதைப் பார்த்துக் கையால் எழுதிவிடுவதுதான் விரைவான வழி. B14 சுழியானால்தான் இந்தக் கிளை முடிந்தது என்று பொருள்.

## அறிகுறி 2: எண்ணிக்கையும் தொகையும் சேர்ந்தே குறைகின்றன

பட்டியலில் உள்ள சில பதிவுகள் எந்த வகையிலும் சேராமல் வெளியே நிற்கின்றன. முதலில் ஒரு பார்வையில் பாதிப் பதிலைப் பெறலாம். ஒரு வகை முழுவதும் சுழியாக இருந்தால் கோளாறு சுருக்கத் தாளில் உள்ள பெயரில் இருக்கிறது. எல்லா வகைக்கும் ஏதோ தொகை வந்து, மொத்தத்தில் மட்டும் குறைந்தால் கோளாறு பட்டியலில் இருக்கிறது.

### பட்டியல் நீண்டுவிட்டதா?

சூத்திரத்தில் `$C$2:$C$1215` என்று எல்லை குறித்திருந்து, பிறகு முப்பது பதிவுகளைக் கீழே சேர்த்திருந்தால், அந்த முப்பதும் எண்ணப்படாது. அதனால்தான் மேலே முழுப் பத்தியைக் கொடுத்திருக்கிறேன். சரிபார்க்கும் வரிசையிலும் அதே குறுகிய எல்லையைப் போட்டிருந்தால் வித்தியாசம் சுழியாகவே காட்டும், கவனம். பட்டியலைத் தேர்ந்தெடுத்து Ctrl+T அழுத்தி அட்டவணையாக மாற்றிக்கொள்வதும் நல்ல வழி. அட்டவணையின் பத்திப் பெயரைச் சூத்திரத்தில் குறித்தால், புதிய பதிவுகள் தாமாகவே சேரும்.

### எந்தப் பதிவு வெளியே நிற்கிறது?

கண்ணால் தேடி 1,214 பதிவுகளையும் பார்க்க வேண்டியதில்லை. List தாளின் F2 கட்டத்தில் இதைப் போட்டுக் கடைசி வரை இழுங்கள்:

```
=COUNTIF(Summary!$A$2:$A$10,C2)
```

1 வந்தால் அந்தப் பதிவுக்கு ஓர் இடம் இருக்கிறது. 0 வந்தால் அது எங்கும் சேரவில்லை. 2 வந்தால் அது இரண்டு இடத்தில் சேர்கிறது. அதை அடுத்த அறிகுறியில் பார்ப்போம். இப்போது F பத்தியில் 0 உள்ளவற்றை மட்டும் வடிகட்டுங்கள். ஒரு காலாண்டில் எனக்கு 19 பதிவுகள் இப்படி நின்றன, தொகை 1,148.65 வெள்ளி. பதினொன்றில் “மளிகை” என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளி இருந்தது (702.30 வெள்ளி). ஐந்தில் “மளிகைச் சாமான்” என்று அக்கா எழுதியிருந்தார் (318.35 வெள்ளி). மூன்றில் வகையே எழுதப்படவில்லை (128.00 வெள்ளி). வித்தியாசம் இப்படி முழுமையாகப் பிரிந்துவிட்டால் அதன் பிறகு சந்தேகமே இல்லை.

மாதக் கடைசியில் யாராவது பட்டியலுக்குள்ளேயே ஒரு கூட்டல் வரிசையைப் போட்டிருந்தாலும் அது இங்கேதான் அகப்படும்: வகை காலி, தொகை மட்டும் பெரிது. அது உண்மையில் குறைவே இல்லை. வரிசையை நீக்கினால் வித்தியாசமும் நீங்கிவிடும்.

### பார்க்க ஒன்றுபோல் இருந்தும் சேராத பெயர்

வடிகட்டிய பிறகும் இரண்டு சொற்களுக்கிடையே வேறுபாடு தெரியாவிட்டால், LEN கொண்டு நீளத்தை அளந்து பாருங்கள். இங்கே தமிழில் வகைப் பெயர் எழுதுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் மூன்று எழுத்தாகப் படிக்கும் “மளிகை” என்ற சொல்லுக்கு LEN தரும் விடை 5, ஏனென்றால் கணினி ‘ளி’யில் உள்ள இகரக் குறியையும் ‘கை’யில் உள்ள ஐகாரக் குறியையும் தனித்தனியாக எண்ணுகிறது. ஆகவே விடை 5 என்பதில் தவறில்லை. 6 என்று வந்தால்தான் கூடுதலாக ஏதோ ஒட்டியிருக்கிறது.

இதைவிட நுட்பமானது ஒகரம். “பொருள்” என்ற சொல்லின் முதலெழுத்தில் உள்ள உயிர்க்குறியைக் கணினியில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் முதல் வகைக்கு LEN 6, இரண்டாவதுக்கு 7. கைப்பேசியில் ஒரு விசைப்பலகையும் கணினியில் வேறொன்றும் பயன்படுத்தும் வீட்டில் இது நேரலாம். இரண்டையும் மென்பொருள் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பி இருக்க வேண்டாம். சுருக்கத் தாளில் உள்ள பெயரை நகலெடுத்துப் பட்டியலில் ஒட்டிவிடுங்கள். எழுத்தை ஆராய்ந்துகொண்டிருப்பதைவிட அது எளிது.

சாதாரண இடைவெளி மட்டும்தான் என்றால் TRIM போதும். இது மறுபடி வராமலிருக்க, C பத்தியில் Data Validation கொண்டு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி செய்யலாம். ஆனால் வேறு கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது அந்தக் கட்டுப்பாடு தடுக்காது. ஆகவே F பத்தியை நீக்கிவிடாமல் எப்போதும் வைத்திருக்கிறேன்.

## அறிகுறி 3: சுருக்கத்தின் கூட்டல் பட்டியலைவிட அதிகமாக இருக்கிறது

வித்தியாசம் எதிர்க்குறியோடு வரும். அந்த எண் வேறொரு வகையின் எண்ணிக்கையோடும் தொகையோடும் அச்சாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் அந்த வகை இருமுறை சேர்ந்திருக்கிறது.

எளிய காரணம், வகைப் பெயர் சுருக்கத்தில் இரண்டு வரிசையில் இருப்பது. F பத்தியில் 2 என்று காட்டிவிடும். F பத்தியில் 2 என்று காட்டாத ஒரு காரணம் நட்சத்திரக் குறி. கடை வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும் காலம் நெருங்குகிறது என்று நினைவூட்ட, அக்கா சுருக்கத் தாளில் “வாடகை” என்பதற்குப் பக்கத்தில் ஒரு * போட்டுவைத்தார். மாதம் 2,800 வெள்ளி வாடகை, மூன்று மாதத்துக்கு மூன்று பதிவுகள், 8,400 வெள்ளி. ஆனால் அந்த வரிசையில் எண்ணிக்கை 89 என்றும் தொகை 9,791.90 வெள்ளி என்றும் வந்து நின்றது. கூடுதலாக வந்தவை 86 பதிவுகள், 1,391.90 வெள்ளி, அதாவது வாடகை வண்டி வகை முழுவதும். நிபந்தனையில் வரும் * குறியை “இதற்குப் பின் எது வந்தாலும் சரி” என்றே SUMIFS எடுத்துக்கொள்ளும். “வாடகை” என்று தொடங்கும் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டது. கேள்விக்குறியும் இப்படித்தான், ஓர் எழுத்துக்கு நிற்கும். குறியை நீக்குங்கள். பெயரிலேயே அந்தக் குறி இருந்தாக வேண்டும் என்றால், சுருக்கத் தாளில் அதற்கு முன்னால் ~ போட்டு எழுதுங்கள்.

வித்தியாசம் சுழியாக இருந்தும் செலவு அதிகமாகத் தோன்றினால், ஒரே செலவு ரசீதிலிருந்து ஒருமுறையும் வங்கிக் கோப்பிலிருந்து ஒருமுறையும் பதிவாகியிருக்கலாம். தேதி, பெயர், தொகை மூன்றும் ஒன்றாக உள்ளவற்றை, List தாளின் காலிப் பத்தி ஒன்றில் இரண்டாம் வரிசையில் போட்டுக் கீழே இழுத்தால் இது காட்டும்:

```
=COUNTIFS(List!$A:$A,A2,List!$B:$B,B2,List!$D:$D,D2)
```

1-க்கு மேல் வருபவற்றை உடனே நீக்கிவிடாதீர்கள். ஒரே நாளில் ஒரே கடையில் அதே தொகைக்கு இருமுறை வாங்குவதும் உண்டு. அந்த வண்டிக்காரர் ஒரே நாளில் இரண்டு நடை வந்ததை நான் ஒருமுறை அவசரத்தில் நீக்கிவிட்டு, பிறகு ரசீதைப் பார்த்து மீட்டேன்.

## அறிகுறி 4: மொத்தம் சரி, மாதவாரிப் பிரிவு மட்டும் தவறு

மாதவாரியாகப் பிரிக்கும்போது, தனித் தாள் ஒன்றில் A பத்தியில் வகைப் பெயர்களையும், B1 தொடங்கித் தலைப்பு வரிசையில் ஒவ்வொரு மாதத்தின் முதல் தேதியையும் எழுதிக்கொண்டு இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறோம்:

```
=SUMIFS(List!$D:$D,List!$C:$C,$A2,
 List!$A:$A,">="&B$1,
 List!$A:$A,"<"&EDATE(B$1,1))
```

### மாதக் கடைசி நாள் மட்டும் விடுபடுகிறது

சூத்திரத்தில் மேல் எல்லையை “மாதக் கடைசித் தேதி வரை” என்று எழுதியிருப்பீர்கள். வங்கிக் கோப்பில் தேதியோடு நேரமும் இருந்தால், ஜூன் 30 இரவு 9.14 மணிக்கு நடந்த செலவு, ஜூன் 30 என்ற எண்ணைவிடச் சற்றுப் பெரிதாகிவிடுவதால் வெளியே போய்விடும். மேலே உள்ளபடி “அடுத்த மாத முதல் தேதிக்கு முன்” என்று எழுதினால் இந்தச் சிக்கல் எழாது.

### நடக்காத மாதத்தில் செலவு காட்டுகிறது

இந்த வழிமுறையில் அதிக நேரத்தைக் கேட்கும் பிழை இதுதான். ஏப்ரல் முதல் ஜூன் வரையான பட்டியலில் ஜனவரியிலும் செப்டம்பரிலும் தொகை தெரிந்தால், நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன. சிங்கப்பூரில் நாம் நாளை முன்னால் எழுதுகிறோம். கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், சிஎஸ்வி கோப்பை இருமுறை தட்டித் திறக்கும்போது, அது மாதத்தை முன்னால் வைத்துப் படித்துவிடும். 09/04/2025 என்பது செப்டம்பர் 4 ஆகிவிடும். 25/04/2025 என்பதற்கு அந்த முறையில் பொருளே இல்லை, இருபத்தைந்தாம் மாதம் கிடையாது. ஆகவே அது தேதியாகாமல் எழுத்தாகவே தங்கிவிடும். முதல் 12 நாள்களின் பதிவுகள் மாதம் மாறிப் போகின்றன. 13-ஆம் தேதி முதல் வருபவை எந்த மாதத்திலும் சேர்வதில்லை. தப்பிப்பவை 05/05 போல நாளும் மாதமும் ஒரே எண்ணாக உள்ளவை மட்டுமே.

உறுதிசெய்து கொள்ள இரண்டு சோதனைகள் போதும்:

```
=COUNTA(List!$A:$A)-1-COUNT(List!$A:$A)
=MAX(List!$A:$A)
```

முதலாவது சுழியாக இல்லாவிட்டால் எழுத்தாகிவிட்ட தேதிகள் இருக்கின்றன. இரண்டாவதைத் தேதி வடிவில் பாருங்கள். பட்டியலின் கடைசித் தேதியைத் தாண்டி ஒரு தேதி வந்தால் இடமாற்றம் நடந்திருக்கிறது. கட்டங்களின் நிலையும் சொல்லும்: நாம் நடுவிலோ ஓரத்திலோ நிறுத்தாத வரை, தேதியானவை வலப்பக்கமும் எழுத்தானவை இடப்பக்கமும் ஒட்டி நிற்கும்.

சரிசெய்யும் வழிகளில் மிக எளிதானது, சிஎஸ்வி கோப்பு கையில் இருந்தால், அதை மறுபடி இறக்குமதி செய்வது. முதலில் விண்டோஸின் வட்டார அமைப்பை English (Singapore) என்று மாற்றிவிட்டுத் திறங்கள். கணினியின் அமைப்பைத் தொட விரும்பாவிட்டால், கோப்பை எழுத்தாக மட்டும் உள்ளே கொண்டுவந்து, தேதிப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, Text to Columns சென்று, கடைசிப் படியில் Date என்பதற்கு DMY என்று தேர்ந்தெடுங்கள். கூகல் ஷீட்ஸில் File பட்டியில் Settings சென்று, நாள் முன்னால் வரும் நாடு ஒன்றை Locale ஆக வைத்த பிறகு இறக்குமதி செய்யுங்கள். ஏற்கெனவே தவறாகப் படிக்கப்பட்டவை அதனால் திருந்தா.

சிஎஸ்வி கோப்பு இல்லாவிட்டால் கடினம். Text to Columns எழுத்தாகத் தங்கிய தேதிகளைத்தான் சரிசெய்யும். ஏற்கெனவே செப்டம்பர் 4 ஆகிவிட்டதை அது தொடாது. அதற்கு இந்தச் சூத்திரம் இருக்கிறது:

```
=DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2))
```

ஆனால் இதை முழுப் பத்திக்கும் போட்டுவிடக் கூடாது. அக்கா கையால் சரியாகத் தட்டச்சு செய்த தேதிகளையும் இது புரட்டிப்போட்டுவிடும். எந்தப் பதிவு கையால் வந்தது, எது கோப்பிலிருந்து வந்தது என்று பிரித்தறிய முடிந்தால் மட்டுமே இதைப் பயன்படுத்துங்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு E பத்தியில் ‘கை’ அல்லது ‘வங்கி’ என்று மூலத்தைக் குறித்துவைக்கத் தொடங்கினேன்.

## அறிகுறி 5: விடைக்குப் பதில் பிழைச்செய்தி, அல்லது சூத்திரமே தெரிகிறது

இவை பெரும்பாலும் ஒரு நிமிட வேலை. #VALUE! வந்தால், கூட்டும் எல்லையும் நிபந்தனை எல்லையும் ஒரே நீளத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று 1215 வரையிலும் மற்றொன்று 1200 வரையிலும் இருந்தால் SUMIFS மறுத்துவிடும். பழைய SUMIF மறுக்காது, தானே நீட்டிக்கொண்டு ஒரு விடையைத் தந்துவிடும். அது இன்னும் மோசம். மேலும் SUMIF-இல் கூட்டும் எல்லை கடைசியில் வரும், SUMIFS-இல் முதலில் வரும். பழைய சூத்திரத்தின் முடிவில் ஓர் S சேர்த்துவிட்டால் மட்டும் போதாது. பட்டியல் வேறொரு கோப்பில் இருந்து, அந்தக் கோப்பு மூடியிருந்தாலும் #VALUE! வரும்; திறந்தால் சரியாகும்.

சூத்திரமே எழுத்தாகத் தெரிந்தால், அந்தக் கட்டத்தின் வடிவம் Text ஆக இருக்கிறது. General என்று மாற்றி, கட்டத்துக்குள் சென்று மறுபடி Enter அழுத்துங்கள். பழைய விடையே அசையாமல் நின்றால், Formulas பட்டியில் Calculation Options என்பது Manual என்று இருக்கும். Automatic ஆக மாற்றுங்கள்.

பட்டியலை வடிகட்டி வைத்திருக்கும்போது சுருக்கத்தின் விடை மாறவில்லையே என்று சிலர் கேட்பதுண்டு. அது பிழை அன்று. மறைந்திருக்கும் வரிசைகளையும் SUMIFS சேர்த்தே கூட்டும்.

## கணக்காளரிடம் போக வேண்டிய கட்டம்

சில தவறுகளை எந்தச் சூத்திரமும் காட்டாது. D பத்தியில் சில தொகைகள் 9 விழுக்காடு பொருள், சேவை வரி சேர்த்தும் சில சேர்க்காமலும் எழுதப்பட்டிருந்தால், மேலே உள்ள எல்லாச் சோதனையிலும் வித்தியாசம் சுழியாகவே வரும், ஆனால் கணக்கு தவறு. அந்த வரி 2024 ஜனவரி 1 முதல்தான் 9 விழுக்காடு; 2023-இல் அது 8. பழைய ஆண்டுப் பதிவுகள் கலந்திருந்தால் ஒரே விழுக்காட்டால் வகுத்துப் பிரித்துவிடவும் முடியாது. ரசீதுகளைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். சில நூறு ரசீதுகளுக்கு மேல் என்றால், அந்த வேலையைப் பகுதிநேரக் கணக்கரிடம் கொடுத்துவிடலாம்.

தேதிகள் இடம் மாறி, மூலக் கோப்பும் இல்லாமல், கையால் எழுதியவையும் கலந்திருந்தால், முதலில் வங்கியிடம் அந்த மாதங்களின் அறிக்கையைக் கேளுங்கள். அதைப் பெற முடிந்தால் வெளியாள் தேவையில்லை.

கடை பொருள், சேவை வரிக்குப் பதிவு செய்யப்பட்டதாக இருந்து, தவறான தொகை ஏற்கெனவே F5 படிவத்தில் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குப் போய்விட்டது என்றால், தாளைத் திருத்திவிட்டு அமைதியாக இருந்துவிடக் கூடாது. திருத்தத்துக்கு F7 படிவம் இருக்கிறது; எதை, எந்தக் காலாண்டுக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதைக் கணக்காளர் முடிவு செய்யட்டும். அவரிடம் போகும்போது, திருத்துவதற்கு முன்பிருந்த தாளின் நகல், திருத்திய தாள், தொடப்படாத சிஎஸ்வி கோப்புகள், F பத்தியில் 0 என்று நின்ற பதிவுகளின் அச்சு ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். வணிகக் கணக்குகளையும் ரசீதுகளையும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதால், பழைய தாளை மேலெழுதாமல், தேதியைப் பெயரில் சேர்த்துத் தனியாகச் சேமியுங்கள்.